மளிகை ஆப் நோட்டிஃபிகேஷன்: மலையிலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சின்ன மளிகை டெலிவரி ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் வாசகம் எழுதுவது என் வேலை. கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இதேபோல் ஆப் நடத்துபவர்கள் போனில் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். டெலிவரி தாமதத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மலையில் பாதித் தலைவலி அதுதான்.

ஆப்பை யாரும் அழிக்கவில்லை, ஆர்டரும் போடுகிறார்கள். நோட்டிஃபிகேஷனை மட்டும் ஏன் அணைத்துவிடுகிறார்கள்?

அணைக்க அவர்களுக்கு ஒரே ஒரு சுவிட்சைத்தான் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, ஓர் ஆப் தன் நோட்டிஃபிகேஷன்களைச் சேனல்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சேனலையும் வாடிக்கையாளர் தனித்தனியாக அணைத்துக்கொள்ளலாம். நிறைய சின்ன ஆப்கள் ‘பொது’ என்று ஒரே சேனலை வைத்து, ‘வண்டி கிளம்பியது’, ‘ரவைக்கு 10% தள்ளுபடி’ இரண்டையும் அதிலேயே அனுப்புகின்றன. ரவைச் செய்தி நாலு நாள் வந்து சலித்தவர் சேனலை அணைப்பார். ஐந்தாம் நாள் வண்டி கிளம்பியதும் அவருக்குத் தெரியாது. உடனே கடைக்குப் போன் வரும்: “எங்க வருது?”

டெலிவரிக்கு ஒன்று, ஆஃபருக்கு ஒன்று என இரண்டு சேனல் போதும். பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது செட்டிங்ஸ் திரையில் வாடிக்கையாளர் கண்ணில் படும். ‘என் ஆர்டர் நிலவரம்’, ‘ஆஃபர், விலை’ என்று வைத்தால் எதை அணைக்கிறோம் என்று தெரிந்தே அணைப்பார். இன்னொன்று, ஒரு சேனலை உருவாக்கிய பிறகு அதன் ஒலியையும் முக்கியத்துவத்தையும் ஆப் தன் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. அது வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். ஆகவே முதல் நாளே சரியாகப் பிரித்துவிடுங்கள்.

எது உபயோகம், எது தொல்லை என்று எப்படிப் பிரிப்பது?

நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஆப் வருவதற்கு முன்னால், கடை அண்ணாச்சி இதைச் சொல்ல உங்கள் வீட்டுக்குப் போன் போட்டிருப்பாரா?

“அக்கா, தக்காளி வண்டி இன்னும் மேலே வரலை, மத்ததை அனுப்பிடட்டுமா?” என்று கேட்கப் போட்டிருப்பார். “பையன் கிளம்பிட்டான், கேட்டைத் திறந்து வைங்க” என்று சொல்லப் போட்டிருப்பார். “அக்கா, உங்களை ரொம்ப நாளா காணோம், ஞாபகம் வந்துச்சு” என்று சொல்ல நிச்சயம் போட்டிருக்க மாட்டார். போட்டிருந்தால் வீட்டில் வேறு பிரச்சினை ஆகியிருக்கும்.

இந்தச் சோதனையில் தேறும் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வாடிக்கையாளர் எதிர்பார்த்தது ஏதோ மாறியிருக்கும், அல்லது அவர் இப்போது ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தத் தகவல் ஆப்புக்குள் இருக்கட்டும். வேண்டுமென்றால் திறந்து பார்த்துக்கொள்வார்.

ஓர் ஆர்டருக்கு எத்தனை அனுப்பலாம்?

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்று, அதுவும் வண்டி கிளம்பும்போது. ‘ஆர்டர் கிடைத்தது’ என்பதை ஆர்டர் போட்ட திரையிலேயே பார்த்துவிட்டார். ‘பேக் செய்கிறோம்’ என்பது உங்கள் கடை விவகாரம்.

அந்த ஒன்றை எழுதும்போது ஊரை நினைத்து எழுதுங்கள். இங்கே பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன. வண்டி மேலே நிற்கும், மூட்டையோடு நாற்பது படி இறங்கி வர வேண்டும். நாங்கள் முதலில் ‘உங்கள் டெலிவரி பார்ட்னர் வந்துவிட்டார்!’ என்று போட்டுக்கொண்டிருந்தோம். ஆட்கள் கதவைத் திறந்து பார்த்து யாரும் இல்லை என்று மூடிவிடுவார்கள். இப்போது ‘வண்டி கிளம்பியது. 8:10-க்கு மேல் ரோட்டுக்கு வரும், ஆள் 8:15-க்குள் படியிறங்கி வருவார்’ என்று இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நாயைக் கட்டிவிடுகிறார்கள்.

மலைப்பாதை அடைபட்ட நாளில் என்ன எழுதுவது? ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ போட்டால் இன்னும் கோபப்படுகிறார்கள்.

வருத்தத்தில் தகவல் ஏதும் இல்லையே, கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரு காலையை முழுசாக எடுத்துப் பார்ப்போம்.

ஐப்பசி மழை. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியாருக்கும் மரப்பாலத்துக்கும் நடுவே மண் சரிந்து கிடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காய் வண்டியைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், அந்தப் பாதையிலும் அன்று நெரிசல். ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தரைக்கு வரலாம். உங்கள் கையில் காலை 7 முதல் 9 மணி நேரத்துக்கு 60 ஆர்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நடப்பது இது. யாரோ ஒருவர் பதற்றத்தில் 60 பேருக்கும் ‘எதிர்பாராத காரணங்களால் உங்கள் ஆர்டர் தாமதமாகலாம். சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று அனுப்பிவிடுவார். அடுத்த அரைமணி நேரம் கடைப் போன் ஓயாது. எவ்வளவு தாமதம்? எனக்கும் சேர்த்தா? ரத்துச் செய்யலாமா? செய்தி ஒரு கேள்வியைத் தீர்க்காமல் மூன்றைக் கிளப்பியிருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது பிரிப்பது. எது கீழேயிருந்து வருகிறது, எது இங்கேயே கிடைக்கிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், ஆப்புக்குத்தான் தெரியாது. கேரட், பீட்ரூட், கோஸ், உருளைக்கிழங்கு இந்த மலையிலேயே விளைகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் குடோனில் இருக்கிறது. தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கை, கத்தரி, வெண்டை போன்ற நாட்டுக் காய்தான் அன்றாடம் மேலே ஏறி வரும். பொருள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ‘கீழ் வரத்து’ என்று ஒரு குறி வைத்துவிட்டால், 60 ஆர்டரில் அந்தக் குறியுள்ளவை எத்தனை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். 22 என்று வைப்போம். மீதி 38 பேருக்கு எதுவும் அனுப்பாதீர்கள். அவர்கள் சாமான் எட்டு மணிக்குப் போய்ச் சேரப்போகிறது. பாதை அடைபட்டதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

அந்த 22 பேருக்கும் பொதுவாக எழுதாமல், அவரவர் பொருளைப் போட்டு எழுத வேண்டும்:

> தக்காளி, முருங்கை 11 மணிக்கு மேல்தான்
> பர்லியார் பக்கம் மண்சரிவு, காய் வண்டி கோத்தகிரி சுற்றி வருகிறது. மற்ற 9 பொருளும் தயார். 7:15-க்குள் சொல்லாவிட்டால் அவற்றை 8 மணிக்கு அனுப்பி, காயை வந்ததும் தருகிறோம். தனிக் கட்டணம் இல்லை.
> [ எல்லாம் சேர்த்து 11-க்கு ] [ காய் வேண்டாம் ]

இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பவர் போனைப் பார்க்காமலே இருக்கலாம். அவர் பதில் சொல்லாவிட்டாலும் அவருக்கு நஷ்டம் வராத ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும், அது செய்தியிலேயே எழுதியும் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆர்டரை ரத்துச் செய்வது, அல்லது இரண்டாவது நடைக்குக் காசு போடுவது என்று வைத்தீர்களானால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது மிரட்டலாகத்தான் படும்.

காரணத்தைச் சொல்லியிருப்பதையும் பாருங்கள். ‘எதிர்பாராத காரணம்’ என்றால் சாக்கு என்று நினைப்பார்கள். ‘பர்லியார் பக்கம் மண்சரிவு’ என்றால் இந்த ஊரில் பிறந்தவர் யாரும் விளக்கம் கேட்க மாட்டார். அந்தப் பாதை அவருக்கும் தெரியும். ஆனால் காரணத்தை நேரில் பார்த்த டிரைவர் சொல்லியோ காவல்துறை அறிவித்தோ உறுதியான பிறகு போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பார்த்ததைப் போட்டு, அது போன வருஷத்துப் படமாக இருந்தால் நீங்களும் வதந்தியில் பங்காளி.

பத்து மணிக்கு வண்டி இன்னும் கோத்தகிரிப் பாதையில் கட்டபெட்டில்தான் நிற்கிறது என்றால் இன்னொரு செய்தி போகலாம்: ‘தக்காளி, முருங்கை 12:30 ஆகும்.’ அதற்கும் மேலே இழுத்தால் மூன்றாவது அனுப்பாதீர்கள். போன் போடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

‘இன்னும் 10 நிமிடத்தில்’ என்று எழுதினால் சுறுசுறுப்பாக இருக்கிறதே, ஏன் மணி போடச் சொல்கிறீர்கள்?

பத்து நிமிடம் எப்போதிலிருந்து? செய்தி அனுப்பிய நேரத்திலிருந்தா, படித்த நேரத்திலிருந்தா? பள்ளத்தில் இருக்கிற ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் சில வீடுகளுக்கு டவர் எட்டாது. வாசலுக்கோ மேட்டுக்கோ வரும்போதுதான் போனில் செய்திகள் கொத்தாக விழும். முக்கால் மணி கழித்து ‘இன்னும் 10 நிமிடத்தில்’ என்று படித்துவிட்டு, ஏற்கெனவே வாசலில் வைத்துவிட்டுப் போன மூட்டைக்காக மனுஷர் காத்திருப்பார். ‘5:40-க்குள்’ என்று எழுதினால் எப்போது படித்தாலும் பொருள் மாறாது. ‘இன்று’, ‘நாளை’க்கும் இதே கதி. இரவு அனுப்பிய ‘நாளை’யை விடிந்த பிறகு படித்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். கிழமையைப் போட்டுவிடுங்கள்.

வாசகம் சரி, பழைய செய்தியே போய்ச் சேராமல் இருக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் புரோகிராம் எழுதுபவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆப் செய்திகளைப் போனுக்குக் கொண்டுசேர்க்கும் கூகுளின் FCM சேவை வழியாக அனுப்பும் செய்திக்கு ஆயுள் குறிக்காவிட்டால், போன் கிடைக்காதபோது 4 வாரம் வரை அது காத்திருக்கும். ‘வண்டி கிளம்பியது’ என்பதற்கு 45 நிமிட ஆயுள் போதும்:

```json
"android": {
  "ttl": "2700s",
  "collapse_key": "order-4127",
  "notification": {
    "channel_id": "delivery",
    "tag": "order-4127"
  }
}
```

`ttl` நொடிக் கணக்கு. அதற்குள் போன் கிடைக்காவிட்டால் செய்தி கைவிடப்படும். `collapse_key` இருந்தால் இன்னும் போய்ச் சேராத பழையதின் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். `tag` ஏற்கெனவே திரையில் இருப்பதை மாற்றி எழுதும். ‘11 மணி’, ‘12:30’ என்று இரண்டு செய்தி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்காமல், கடைசியாகச் சொன்னது மட்டும் தெரியும். ஐபோனில் இந்த வேலைகளை `apns-expiration`, `apns-collapse-id` செய்கின்றன.

தமிழில் எழுதினால் பாதியில் ‘...’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கே போய்விடலாமா?

போக வேண்டாம், வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். நம் எழுத்துகள் அகலம், மூடிய நோட்டிஃபிகேஷனில் இடம் குறைவு. இது ஒரு சிக்கல்தான், ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இல்லை’, ‘மாட்டோம்’, ‘முடியாது’ எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான். ‘நீங்கள் கேட்ட தக்காளியை இன்று காலை எட்டு மணிக்குள் கொண்டுவந்து தர இயலவில்லை’ என்று எழுதினால், திரையில் தெரிவது ‘நீங்கள் கேட்ட தக்காளியை இன்று காலை எட்டு மணி...’ வரைதான். படித்தவர் எட்டு மணிக்குத் தக்காளி வருகிறது என்று நினைத்து உலையை வைத்துவிடுவார். வெட்டுப்பட்ட செய்தி சொல்ல வந்ததற்கு நேர் எதிராகிவிட்டது.

ஆகவே தலைப்பில் முழு வாக்கியம் வேண்டாம். பொருளும் நிலைமையும் மட்டும் போதும்: ‘தக்காளி 8-க்கு வராது’, ‘சின்ன வெங்காயம் இல்லை’. பேப்பர்க் கடைத் தட்டியில் தொங்கும் போஸ்டர் மாதிரி. நான் தலைப்பை 25 எழுத்துக்குள் நிறுத்தப் பார்க்கிறேன். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்ற மரியாதை பாதித் தலைப்பைத் தின்றுவிடும். மரியாதை ‘-ங்கள்’ விகுதியில் இருந்தால் போதும்.

பொருளின் பெயரை சர்வரே 15, 20 என்று எண்ணி வெட்டுகிறதா என்றும் பாருங்கள். கணினிக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்து. ‘பால்’ என்பதில் கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டால் ‘பால’ ஆகும். வெட்டுவதாக இருந்தால் சொல்லின் எல்லையில் வெட்டச் சொல்லுங்கள்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்றும் கேட்கிறார்கள். ‘பால் தீர்ந்துபோச்சா மக்களே!’ எல்லாம் ஆஃபர் செய்தியில் ஒருவேளை ஒட்டும். காய் வராத நாளில் ஒட்டாது. இங்கே ஒரே தெருவில் படுகர், மலையாளி, கன்னடம் பேசுபவர், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எல்லாம் இருக்கிறார்கள். ஒரு வட்டாரப் பேச்சைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அது அந்நியமாகப் படும். எளிமையான எழுத்துத் தமிழ் எல்லோருக்கும் புரியும்.

ஒரு பொருள் இல்லையென்றால் நாமே மாற்றுப் பொருள் போட்டுவிட்டுச் சொல்லலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். சின்ன வெங்காயச் சாம்பாருக்குப் பெரிய வெங்காயத்தைப் போட்டு அனுப்பினால் அதை மாற்று என்று எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘சின்ன வெங்காயம் இல்லை. பெரிய வெங்காயம் ½ கிலோ போடட்டுமா? 7:20 வரை காத்திருப்போம். பதில் இல்லையென்றால் வெங்காயம் இல்லாமல் அனுப்பி அதன் பணத்தைக் கழித்துவிடுவோம்.’ பட்டன்களில் ‘ஆம்’, ‘இல்லை’ போடாதீர்கள். ‘இல்லை’ என்று இருந்தால் வெங்காயம் இல்லை என்கிறீர்களா, வேண்டாம் என்கிறாரா என்று ஒரு நொடி குழம்பும். ‘போடுங்கள்’, ‘வேண்டாம்’ என்று இருக்கட்டும்.

நாப்கின், மருந்து மாதிரி பொருளையும் பெயர் போட்டுச் சொல்லலாமா?

வேண்டாம். பூட்டிய திரையில் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். ‘1 பொருள் இல்லை, திறந்து பாருங்கள்’ போதும்.

அப்படியென்றால் ஆஃபரே அனுப்பக் கூடாதா? கடை ஓட வேண்டாமா?

அனுப்பலாம், கேட்டவருக்கு. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதியே, விளம்பரத்துக்காக நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஆப்புக்குள் வெளிப்படையாகச் சம்மதம் வாங்க வேண்டும், பிறகு நிறுத்திக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுக்கிறது. அதில் பொய் அவசரம் உண்டு, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது உண்டு, ஓயாமல் நச்சரிப்பதும் உண்டு. ‘இன்னும் 2 மணி நேரம்தான்!’ என்று போட்டுவிட்டு மறுநாளும் அதே விலைக்கு விற்றால் அது முதல் வகை. ‘வேண்டாம், எனக்குச் சேமிப்பு பிடிக்காது’ என்று பட்டன் வைப்பது இரண்டாம் வகை. அதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, மாமியார் பேச்சு மாதிரி இருக்கிறது.

ஆஃபரிலும் அண்ணாச்சி சோதனை வேலை செய்யும். வாரம் தவறாமல் 5 கிலோ உருளைக்கிழங்கு வாங்குகிற மெஸ்காரருக்கு ‘உருளைக்கிழங்கு வியாழக்கிழமை கிலோ ₹32, சனிக்கிழமை ₹40’ என்று அண்ணாச்சி கட்டாயம் சொல்லியிருப்பார். விலையைச் சொல்லுங்கள். ‘அதிரடி’, ‘அசத்தல்’ என்பவற்றுக்கு ரூபாய்க் கணக்கு கிடையாது.

மலைக்கே உரிய ஒரு தவறும் இருக்கிறது. சீசனில் சுற்றுலா வந்து காட்டேஜில் தங்கியவர்கள் ஆப்பை இறக்கி இரண்டு ஆர்டர் போடுவார்கள். அவர்கள் சென்னை திரும்பி ஆறு மாதமான பிறகும் ‘குன்னூரில் இன்று முட்டைக்கோஸ் மலிவு’ என்று போய்க்கொண்டிருக்கும். ஒரு மாதமாக ஆர்டர் போடாதவரை ஆஃபர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மறுபடி வரும்போது அவரே ஆப்பைத் திறப்பார்.

அனுமதியை எப்போது கேட்பது?

முதல் ஆர்டர் போட்டு முடித்த திரையில். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஆப் அனுமதி கேட்டுத்தான் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முடியும். ஐபோனில் அந்தப் பெட்டி ஒரு தடவைதான் வரும், மறுத்தால் செட்டிங்ஸில் போய்த்தான் மாற்ற வேண்டும். ஆப்பைத் திறந்ததும் கேட்டால், உங்களை யாரென்றே தெரியாதவர் மறுக்கத்தான் செய்வார். ஆர்டர் போட்டவருக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: ‘வண்டி கிளம்பும்போதும், ஏதாவது பொருள் இல்லாதபோதும் மட்டும் சொல்கிறோம். ஆஃபர் வேண்டுமென்றால் பிறகு நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.’ எழுதினால் அப்படியே நடக்க வேண்டும். மறுநாள் காலை ரவை ஆஃபர் போனால் அந்த வரி பொய்யாகிவிடும்.

வாசகம் நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? எத்தனை பேர் தட்டித் திறந்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது.

அந்தக் கணக்கு டெலிவரிச் செய்திக்கு உதவாது, சில நேரம் தலைகீழாகவும் காட்டும். ‘தக்காளி 8-க்கு வராது, மற்றவை வரும்’ என்பதைப் படித்தவருக்கு ஆப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘உங்கள் ஆர்டரில் ஒரு மாற்றம்!’ என்று மொட்டையாகப் போட்டால் எல்லோரும் பதறித் திறப்பார்கள், கணக்கு உயரும். செய்தி மோசமானது, எண் மட்டும் அழகு.

நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, செய்தி போன அரைமணி நேரத்துக்குள் கடைக்கு எத்தனை போன் வந்தது, என்ன கேட்டார்கள். இதற்குக் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு போதும். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் செய்தியில் இல்லை என்று பொருள், அடுத்த தடவை சேர்த்துவிடுவேன். இரண்டாவது, அந்த வாரத்தில் எத்தனை பேர் டெலிவரி சேனலை அணைத்தார்கள். ஆஃபர் சேனல் அணைவதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. டெலிவரி சேனலை ஒருவர் அணைத்தால் அவருக்குப் போன கடைசி ஐந்து செய்தியையும் எடுத்துப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றாவது இரவு பத்து மணிக்கு மேல் போயிருக்கும்.